புதிய நிர்வாகிகள் வந்த பிறகு வங்கிக்கு எழுதும் கடிதம்

சங்கத்துக்குத் தேர்தல் முடிந்து புதியவர்கள் பொறுப்பேற்றதும் செயலாளர் எழுத வேண்டிய முதல் கடிதம் வங்கிக்குத்தான். பலரும் இதை மூன்று வரியில் முடித்துவிடுகிறார்கள். "எங்கள் சங்கத்துக்குப் புதிய நிர்வாகிகள் தேர்வாகியுள்ளனர். இனி இவர்களுடைய கையெழுத்தில் கணக்கை இயக்க அனுமதிக்க வேண்டுகிறோம்." கீழே கையெழுத்து, சங்க முத்திரை. பெரும்பாலும் இந்தக் கடிதம் வங்கியில் நிற்காது. ஏதோ குறை என்று திரும்பி வரும். குறையைச் சரிசெய்து கொண்டுபோனால் இன்னொரு குறை சொல்வார்கள். அதற்குள் மின்கட்டணம் கட்டும் தேதி தாண்டிவிடும், காவலாளிக்குச் சம்பளம் நின்றுவிடும்.

நாகர்கோவிலை ஒட்டிய எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தில் நான் செயலாளராக வந்தபோது இந்த வேலையைத்தான் முதலில் எடுத்தேன். அப்புறம் பக்கத்து ஊர் வாசகசாலைக்கும் ஒரு விளையாட்டுக் கழகத்துக்கும் இதே மாதிரிக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதில் கற்றதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் வங்கிப் பக்கம் இருந்து பார்க்க வேண்டும். வங்கிக்குச் சங்கம் என்பது ஒரு கணக்கு எண், ஒரு மாதிரிக் கையெழுத்து அட்டை, அந்த அட்டைக்கு ஆதாரமாக என்றோ கொடுத்த ஒரு தீர்மானம். அவ்வளவுதான். நம் பொதுக்குழுவில் யார் கை தூக்கினார்கள் என்பது மேலாளருக்குத் தெரியாது. இன்று நான் வந்து "நான்தான் செயலாளர்" என்கிறேன். அடுத்த மாதம் வேறொருவர் வந்து அதையே சொன்னால், இடையில் போன பணத்துக்கு மேலாளர்தான் பதில் சொல்ல வேண்டும். அவருடைய பயம் நியாயமானது. அதனால் கடிதத்தின் வேலை அனுமதி கேட்பது மட்டும் இல்லை. பழைய தீர்மானத்திலிருந்து புதிய தீர்மானம் வரை இடைவெளி விடாமல் அவரைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். பழைய அதிகாரம் எது, அது எப்போது முடிந்தது, யார் முடித்தார்கள், புதிய அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்ற வரிசை கடிதத்திலேயே தெரிந்தால், அவர் பயப்பட ஒன்றும் இருக்காது.

எங்கள் நிலை இப்படி இருந்தது. ஜூன் 16 ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழுவில் தேர்தல் நடந்தது. தலைவர் மறுபடியும் அவரே. செயலாளரும் பொருளாளரும் புதியவர்கள். வங்கி அட்டையில் இருந்ததோ பழைய செயலாளர், பழைய பொருளாளர் இருவரின் கையெழுத்து, கூட்டாக. பழைய செயலாளர் தேர்தலுக்கு முன்பே வேலைக்காகக் குவைத் போய்விட்டார். எங்கள் மாவட்டத்தில் இது புதிதல்ல, பாதி சங்கங்களில் இந்த நிலைமை வரும். கணக்கில் இருந்த மொபைல் எண்ணும் அவருடையதே. சேமிப்புக் கணக்கு போக, சமுதாயக் கூடத்துக் கூரைக்காகப் போட்டு வைத்திருந்த வைப்புத்தொகை ஒன்று ஜூலையில் முதிர இருந்தது.

கடிதம் எழுத உட்காருமுன் மினிட் புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். பொதுக்குழுத் தீர்மானத்தில் யார் யார் தேர்வானார்கள் என்று மட்டும்தான் இருந்தது. வங்கியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பெரும்பாலான சங்கங்களில் இப்படித்தான் இருக்கும். ஒருவர் செயலாளர் ஆனார் என்பது ஒரு செய்தி. அவர் கணக்கை இயக்கலாம் என்பது வேறு அதிகாரம். வங்கிக்கு வேண்டியது இரண்டாவது. இதற்கு நிர்வாகக் குழுவைக் கூட்டித் தனியாக ஒரு தீர்மானம் போட வேண்டும்.

அதற்கும் முன்பு சங்க விதிகளை எடுத்து வங்கிக் கணக்கு பற்றிய விதியைப் படிக்க வேண்டும். எங்கள் விதியில் பொருளாளர் கட்டாயம், அவருடன் தலைவரோ செயலாளரோ ஒருவர் என்று இருக்கிறது. ஆனால் வங்கியில் பல வருடமாகச் செயலாளரும் பொருளாளரும் மட்டுமே. விதி அனுமதிக்கும் மூன்றாவது ஆளை அட்டையில் சேர்க்காமல் விட்டதால்தான் செயலாளர் வெளிநாடு போனதும் கணக்கு முடங்கியது. மூன்று பேரின் கையெழுத்தும் இருந்திருந்தால் தலைவரும் பொருளாளரும் சேர்ந்து ஓட்டியிருக்கலாம். ஆட்களை மாற்றும்போதே இயக்கும் முறையையும் விதிப்படி திருத்திவிடுவது நல்லது. இரண்டுக்கும் ஒரே கடிதம் போதும்.

ஜூன் 23 அன்று நிர்வாகக் குழு கூடி நிறைவேற்றிய தீர்மானத்தை அப்படியே தருகிறேன். பெயர்களை மட்டும் எடுத்துவிட்டேன்.

"16.06.2024 அன்று நடைபெற்ற பொதுக்குழுவில் புதிய நிர்வாகிகள் தேர்ந்தெடுக்கப்பட்டதால், இந்த வங்கியின் இந்தக் கிளையில் உள்ள சங்கத்தின் சேமிப்புக் கணக்கு எண் (…) மற்றும் வைப்புத்தொகை எண் (…) ஆகியவற்றை இயக்க முன்னாள் செயலாளர் திரு. (…), முன்னாள் பொருளாளர் திரு. (…) ஆகியோருக்கு வழங்கப்பட்டிருந்த அதிகாரம் இன்றுடன் விலக்கிக்கொள்ளப்படுகிறது. இனி தலைவர் திரு. (…), செயலாளர் திரு. (…), பொருளாளர் திருமதி (…) ஆகிய மூவரில் பொருளாளரும், மற்ற இருவரில் ஒருவரும் கூட்டாகக் கையெழுத்திட்டு மேற்படி கணக்குகளை இயக்க அதிகாரம் அளிக்கப்படுகிறது. வங்கி கோரும் படிவங்களில் கையெழுத்திடவும் ஆவணங்களைக் கொடுக்கவும் செயலாளருக்கு அதிகாரம் அளிக்கப்படுகிறது. முன்மொழிந்தவர் (…), வழிமொழிந்தவர் (…). ஏகமனதாக நிறைவேறியது."

இதில் ஒவ்வொரு பகுதிக்கும் காரணம் உண்டு. கணக்கு எண் இல்லாமல் "வங்கிக் கணக்கு" என்று பொதுவாக எழுதினால், எந்தக் கணக்கு என்று கேட்பார்கள். பழையவர்களின் அதிகாரம் விலக்கப்படுகிறது என்ற வரி இல்லாவிட்டால், புதியவர்கள் கூடுதலாகச் சேர்கிறார்களா, பழையவர்களுக்குப் பதிலாக வருகிறார்களா என்று சந்தேகம் வரும். வைப்புத்தொகையைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். சேமிப்புக் கணக்கில் கையெழுத்து மாறினால் வைப்புத்தொகையிலும் தானாக மாறிவிடும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அப்படி மாறாமல் போய், முதிர்வு நாளில் பணம் எடுக்கப் போகும்போது பழைய ஆளின் கையெழுத்தைக் கேட்டு நிற்கும் சங்கங்களைப் பார்த்திருக்கிறேன்.

பெயர் விஷயத்தில் இங்கே ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. ஊரில் ஒருவரை வீட்டுப்பெயரோடு அழைப்போம். மினிட் புத்தகத்தில் ஒரே ஒரு தலைப்பெழுத்தோடு எழுதுவோம். ஆதாரிலோ அப்பா பெயர் முழுதாக விரிந்து கிடக்கும், ஞானஸ்நானப் பெயர் முன்னால் நிற்கும். வங்கி அதிகாரி தீர்மானத்தையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார். இரண்டும் ஒருவர்தான் என்று அவராக முடிவு செய்ய மாட்டார், செய்யவும் கூடாது. அதனால் தீர்மானம் எழுதும்போதே மூவரின் ஆதார் நகலையும் முன்னால் வைத்துக்கொண்டு அதில் உள்ளபடியே பெயரை எழுதினோம். ஊரில் வழங்கும் பெயர் வேறாக இருந்தால் "என்ற" போட்டு அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது கடிதம். எங்கள் கடிதத்தின் உடல் பகுதி இது.

"பொருள்: சேமிப்புக் கணக்கு எண் (…) மற்றும் வைப்புத்தொகை எண் (…) – கையெழுத்திடுவோரை மாற்றுதல் மற்றும் இயக்கும் முறையைத் திருத்துதல் – தொடர்பாக.

ஐயா, எங்கள் சங்கம் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் பதிவு எண் (…) ஆகப் பதிவு பெற்றது. மேற்படி கணக்கு இதுவரை செயலாளர் திரு. (…), பொருளாளர் திரு. (…) ஆகியோரின் கூட்டுக் கையெழுத்தில் இயங்கி வந்தது. 16.06.2024 அன்று பொதுக்குழுவில் புதிய நிர்வாகிகள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். 23.06.2024 அன்று நிர்வாகக் குழு நிறைவேற்றிய தீர்மானத்தின்படி பழைய அதிகாரம் விலக்கிக்கொள்ளப்பட்டு, கீழ்க்கண்ட மூவருக்கு அதிகாரம் வழங்கப்பட்டுள்ளது. பொருளாளரும், மற்ற இருவரில் ஒருவரும் கூட்டாகக் கையெழுத்திட்டால் மட்டுமே கணக்கை இயக்க அனுமதிக்க வேண்டுகிறோம்.

பழைய நிர்வாகிகள் கையெழுத்திட்டு வழங்கி, இன்னும் பணமாக்கப்படாத காசோலைகளின் விவரம் கீழே உள்ளது. அவை முறையானவை. அவற்றுக்குப் பணம் வழங்கவும். அவை தவிர, பழைய கையெழுத்துடன் வரும் வேறு எந்தக் காசோலைக்கும் பணம் வழங்க வேண்டாம்.

கணக்கில் பதிவாகியுள்ள மொபைல் எண்ணை நீக்கி, பொருளாளரின் எண்ணைப் பதிவு செய்யவும். இணைய வங்கிச் சேவைக்கான பழைய பயனர் உரிமையை ரத்து செய்யவும்."

அதன்கீழ் மூவரின் பெயர், பதவி, முகவரி, மாதிரிக் கையெழுத்து. அதற்கும் கீழே இணைப்புகள்: இரண்டு கூட்டங்களின் தீர்மான நகல், சங்கப் பதிவுச் சான்று, விதிகளின் நகல், சங்கத்தின் பான் கார்டு, மூவரின் ஆதார், பான் நகல், புகைப்படம். கேஒய்சி படிவம் வங்கியிலேயே தருவார்கள், ஆளுக்கு ஒன்று. அடையாளத்துக்கும் முகவரிக்கும் ஆதார், வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் போன்றவற்றை ரிசர்வ் வங்கி ஏற்கிறது. பான் கார்டை மட்டும் காட்டினால் அது போதாது.

கடிதத்தில் செக் பற்றிய பத்தியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். எங்கள் விஷயத்தில் பழைய நிர்வாகிகள் கொடுத்த மூன்று செக்குகள் வெளியே இருந்தன. செயலாளர் ஊரை விட்டுப் போகும் முன்பு, ஜூன் முதல் வாரத்தில் கொடுத்தவை. பெயிண்டருக்கு 18,500 ரூபாய், மைக்செட்காரருக்கு 6,000, தண்ணீர் மோட்டார் பழுதுபார்த்தவருக்கு 4,200. செக் தேதியிலிருந்து மூன்று மாதம் செல்லும், அதாவது செப்டம்பர் முதல் வாரம் வரை அவர்கள் எப்போது வேண்டுமானாலும் போடலாம். அட்டையில் கையெழுத்து மாறிய பிறகு அது கிளியரிங்கில் வந்தால் என்ன நடக்கும்? திரையில் புதிய கையெழுத்துகள் மட்டும் இருக்கும். அதிகாரி ஒப்பிட்டுப் பார்த்து, கையெழுத்து வேறுபடுகிறது என்று திருப்பி அனுப்பிவிடுவார். உழைத்தவருக்குக் காசு போகாது, அவர் வங்கியில் அபராதமும் பிடிப்பார்கள். சங்கத்தின் பெயரும் கெடும்.

பழைய பொருளாளர் ஓய்வுபெற்ற ஆசிரியர். செக் புத்தகத்தின் அடிக்கட்டையில் ஒன்று விடாமல் எழுதி வைத்திருந்தார். அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அடிக்கட்டையையும் பாஸ்புக்கையும் ஒத்துப் பார்த்தோம். எந்த செக் இன்னும் வரவில்லை என்று அப்படித்தான் கண்டுபிடிக்க முடியும். செக் எண், தேதி, யாருக்கு, எவ்வளவு என்று நான்கு கட்டம் போட்டு எழுதினோம். பெயிண்டர் உள்ளூர்க்காரர். போன் செய்ததும் செக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பிறகு புதிய செக் வாங்கிக்கொண்டார். தொகை பெரியது என்பதால் அதுவே பாதுகாப்பு என்று எனக்குப் பட்டது. பட்டியலில் இரண்டு செக் மட்டும் மிஞ்சியது. பயன்படுத்தாத தாள்களையும் எண்ணிப் பார்த்து, எந்த எண் முதல் எந்த எண் வரை என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொண்டோம். அன்றைய பாஸ்புக் இருப்பையும் அதே தாளில் எழுதினோம். எந்த ரூபாய் வரை பழைய நிர்வாகத்தின் கணக்கு, எங்கிருந்து நம்முடையது என்பதற்கு அந்தத் தாள்தான் எல்லை. தணிக்கையாளரும் அதைத்தான் கேட்பார்.

இனி, கடிதத்தில் யார் கையெழுத்துப் போடுவது? புதிய செயலாளராக நான் போடலாம். ஆனால் தீர்மான நகலையும் "உண்மை நகல்" என்று நானே சான்று செய்தால், எனக்கு அதிகாரம் உண்டு என்று நானே சொல்வதாக ஆகிவிடும். அதனால் நகலைக் கூட்டத்துக்குத் தலைமை வகித்த தலைவர் சான்று செய்தார். கடிதத்தில் என் கையெழுத்தும் அவர் கையெழுத்தும்.

கவுன்டரில் இருந்த அதிகாரி இதோடு விடவில்லை. அட்டையில் உள்ள பழைய இருவரும் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். சட்டம் இதைக் கட்டாயமாகக் கேட்கவில்லை. சங்கத்தின் தீர்மானம்தான் அதிகாரத்துக்கு அடிப்படை, விலகிப் போனவரின் சம்மதம் இல்லை. அப்படி இருந்தால் கோபித்துக்கொண்டு போன ஒரு நிர்வாகி சங்கத்தையே நிறுத்திவிடலாமே. ஆனாலும் வங்கியிடம் ஏற்கெனவே இருக்கும் மாதிரியோடு ஒத்துப் பார்க்கக்கூடிய ஒரே கையெழுத்து பழையவர்களுடையது என்பதால் அவர்கள் கேட்பதிலும் பொருள் இருக்கிறது. வாதாடுவதைவிட, கிடைக்கிற கையெழுத்தை வாங்கிக் கொடுப்பதே எளிது.

பழைய பொருளாளரிடம் போய், "அண்ணாச்சி, வங்கியில உங்க கையெழுத்தும் வேணுமாம்" என்றேன். "அதுக்கென்ன மக்கா, நானே வாறேன். என் கையெழுத்த நேர்ல பாக்கட்டும்" என்று கூடவே கிளம்பி வந்தார். மேலாளர் முன்னால் கையெழுத்துப் போட்டு, புதிய மூவரையும் தனக்குத் தெரியும் என்று அடையாளம் காட்டினார். குவைத்தில் இருந்தவரிடம், கணக்கில் பதிவாகியிருந்த அவருடைய மின்னஞ்சலிலிருந்தே கிளைக்கு இரண்டு வரி எழுதச் சொன்னோம்: "எனது பொறுப்புக் காலம் முடிந்தது, புதிய நிர்வாகிகளுக்குக் கணக்கை மாற்றுவதில் ஆட்சேபம் இல்லை." மேலாளர் அதை அச்செடுத்துக் கோப்பில் வைத்துக்கொண்டார். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

பழையவர் ஒத்துழைக்காவிட்டால் வேலை நீளும். அப்போது பொதுக்குழு அறிவிப்பு உறுப்பினர்களுக்கு அனுப்பப்பட்டதற்கான ஆதாரம், வருகைப் பதிவேட்டின் நகல், தேர்தல் நடத்தியவரின் அறிக்கை எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். எதிர்த்தரப்பு எழுத்தில் ஆட்சேபம் கொடுத்துவிட்டால், வங்கி பெரும்பாலும் பணம் எடுப்பதை இரு தரப்புக்கும் நிறுத்திவிடும். இரண்டு பேரும் சேர்ந்து எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் நீதிமன்ற உத்தரவு கொண்டுவாருங்கள் என்பார்கள். எந்தத் தேர்தல் செல்லும் என்று தீர்ப்புச் சொல்வது வங்கி மேலாளரின் வேலை இல்லை என்பதால், அவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை.

பதிவாளர் அலுவலகமும் இதில் வரும். பதிவு பெற்ற சங்கத்தில் நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று வருடத்துக்கு மேல் போகக்கூடாது. மாற்றம் நடந்தால் மூன்று மாதத்துக்குள் படிவம் 7-இல் மாவட்டப் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். எங்களுக்கு அது செப்டம்பர் நடுவரை. ஆனால் பல கிளைகளில் அந்தப் படிவத்தின் சான்றிட்ட நகலைக் கேட்பார்கள் என்பதால், காலக்கெடு வரை காத்திருக்காமல் வங்கிக் கடிதத்தோடு சேர்த்தே தயார் செய்தேன். சான்றிட்ட நகல் வர நாளாகும். அதுவரை தாக்கல் செய்த ரசீதை இணைத்து, "நகல் கிடைத்ததும் சமர்ப்பிக்கிறோம்" என்று கடிதத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம். எங்கள் கிளை அதை ஏற்றுக்கொண்டது. முந்தைய தேர்தல்களுக்குப் படிவம் 7 தாக்கல் செய்யாமல் விட்ட சங்கம் என்றால் இங்கேதான் மாட்டும். பதிவாளர் பதிவேட்டில் எப்போதோ இருந்தவர்களின் பெயர் நிற்கும், வங்கி அட்டையில் வேறு பெயர் நிற்கும். விளையாட்டுக் கழகத்துக்கு அப்படித்தான் ஆனது. விடுபட்டதையெல்லாம் முதலில் தாக்கல் செய்த பிறகே வங்கி வேலை நகர்ந்தது.

வாசகசாலைக்கு வேறு விதம். அது திருவிதாங்கூர்-கொச்சியோடு நம் மாவட்டம் இருந்த காலத்தில் பதிவானது. சான்றிதழில் அந்தக் காலத்துச் சட்டத்தின் பெயர்தான் இருக்கிறது. வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த அதிகாரிக்கு அது புரியவில்லை. 1956 நவம்பர் 1 அன்று மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்ததைச் சொல்லி, மாவட்டப் பதிவாளரிடம் அண்மையில் தாக்கல் செய்த கணக்கின் ரசீதையும் காட்டியதும், சங்கம் இன்றும் உயிரோடுதான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். பழைய சங்கங்கள் அந்த ரசீதைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.

கடிதத்தைக் கொடுக்கும்போது இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் கிளை முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும். கொடுத்த நாளிலிருந்து பழைய கையெழுத்தில் ஏதாவது பணம் போனால், நாம் தெரிவித்துவிட்டோம் என்பதற்கு அதுதான் சாட்சி. மாதிரிக் கையெழுத்து அட்டையில் பதவி முத்திரையோடு கையெழுத்துப் போட்டால், பிறகு ஒவ்வொரு செக்கிலும் அந்த முத்திரை இருக்க வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது. நாங்கள் முத்திரையோடுதான் போட்டோம். முத்திரை பொருளாளர் வசம் இருக்கிறது.

மாற்றம் நடந்துவிட்டதா என்பதை வாய்ச்சொல்லில் நம்பாமல் மூன்று விதமாகப் பார்த்தோம். பொருளாளரின் மொபைலுக்குக் குறுஞ்செய்தி வருகிறதா என்று அறிய, உறுப்பினர் ஒருவரின் சந்தா 100 ரூபாயைக் கணக்கில் கட்டினோம். வந்தது. தலைவரும் பொருளாளரும் கையெழுத்திட்ட சிறிய செக் ஒன்றை முதலில் போட்டோம். பணம் கிடைத்தது. மூன்றாவதாக, வைப்புத்தொகை ரசீதைக் கொண்டுபோய் இயக்கும் முறை அதில் என்ன என்று கேட்டோம். அங்கே இன்னும் பழைய இருவரின் பெயர்தான் இருந்தது. கடிதத்தில் வைப்புத்தொகை எண்ணும் இருந்ததால் புதிதாக எதுவும் எழுதித் தர வேண்டியிருக்கவில்லை. முத்திரை வாங்கிய நகலைக் காட்டியதும், கணினியில் சேமிப்புக் கணக்கை மட்டும் மாற்றியிருப்பதைப் பார்த்து அங்கேயே திருத்திக் கொடுத்தார்கள். ஜூலையில் வைப்புத்தொகை முதிர்ந்தபோது நானும் பொருளாளரும் கையெழுத்திட்டுச் சேமிப்புக் கணக்குக்கு மாற்றினோம். கூரை வேலைக்கான முன்பணம் அந்த வாரமே செக்காகப் போனது.